முதல் சம்பளமும் சனிக்கிழமை நோட்டும்

முதல் சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறிய அன்று பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு காரியம் செய்கிறார்கள். வீட்டுக்குப் போன் போடுகிறார்கள். பிறகு அப்பா அம்மாவுக்கு நன்றி சொல்லி நாலு வரி எழுதி, சொந்தக்காரர்களும் நண்பர்களும் பார்க்கும்படி போடுகிறார்கள். போனில் பேசும்போது குரல் தானாகத் தழுதழுக்கிறது. எழுத உட்கார்ந்தால் மட்டும் எங்கிருந்தோ ஒரு மேடைப் பேச்சு வந்து புகுந்துகொள்கிறது.

திருப்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுப் பெண், பிழை பார்த்துத் தரச் சொல்லி இப்படியொரு பதிவை எனக்கு அனுப்பினாள். அவளுடைய அப்பா பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். அம்மா அதே தொழிலில் செக்கிங் வேலை பார்க்கிறார். இவள் பி.காம். முடித்துவிட்டுக் கோவையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்திருந்தாள். அவள் அனுப்பியது இது:

“என்னைப் பெற்றெடுத்து, கண்ணின் மணியாகப் போற்றி வளர்த்து, தங்கள் ஆசைகளையெல்லாம் தியாகம் செய்து என்னை இந்நிலைக்கு உயர்த்திய நடமாடும் தெய்வங்களுக்கு என் முதல் சம்பளம் காணிக்கை. அப்பா பல மாதம் உழைத்துச் சேர்ப்பதை நான் ஒரே மாதத்தில் வாங்கிவிட்டேன். அம்மா, நீ அடகு வைத்த சங்கிலியைச் சீக்கிரமே மீட்டுத் தருவேன்.”

கூடவே சம்பளச் சீட்டின் படம். தொகை இருந்த இடங்களில் மட்டும் போனிலேயே கறுப்புக் கோடு இழுத்திருந்தாள். “தொகையைச் சொல்லலீங்க, பாத்தீங்களா?” என்று கேட்டாள். எண்ணைச் சொல்லக் கூடாது என்ற எண்ணம் அவளுக்கு முதலிலேயே இருந்தது. ஆனால் அந்தச் சில வரிகளிலும் ஒரு படத்திலும் எண் பல வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது. வரவேண்டிய அப்பாவும் அம்மாவும்தான் வரவில்லை.

எண்ணை ஏன் சொல்லக் கூடாது என்பதற்கு அடக்கம் ஒரு காரணம்தான். பெரிய காரணம் வேறு. ஒரு நன்றியில் எண் இருந்துவிட்டால், படிப்பவர் மனம் அதிலேயே நின்றுவிடும். பெரியப்பா மகன் இதைவிட அதிகம் வாங்குகிறானா, மாமா மகள் சேர்ந்தபோது எவ்வளவு, பிடித்தம் போகக் கையில் எவ்வளவு, வரன் பார்க்கும்போது எவ்வளவு சொல்லலாம் என்று வீட்டுக்கு வீடு கணக்கு ஓடும். அப்பாவின் பேரை யாரும் எடுக்க மாட்டார்கள்.

அதோடு, முதல் மாதத் தொகை பெரும்பாலும் உண்மையான சம்பளமே அல்ல. இவள் வேலையில் சேர்ந்தது ஜூன் 12-ஆம் தேதி. மாதக் கடைசியில் வந்தது 19 நாளுக்கான பணம். அதைச் சொன்னால் குறைவாகத் தெரியும். முழு மாதத்துக்கானதைச் சொன்னால் கைக்கு வராததைச் சொன்னதாகும். பல நிறுவனங்கள் வேலை உத்தரவிலேயே, சம்பள விவரத்தை வெளியில் பகிரக் கூடாது என்று ஒரு வரி சேர்த்திருப்பார்கள். புதிதாகச் சேர்கிறவர்கள் தேதியையும் கையெழுத்துப் போடும் இடத்தையும் பார்ப்பார்கள். அந்த வரியைப் பார்ப்பதில்லை.

இனி, எண் எழுதாமலே எண் வெளியாவதைப் பார்ப்போம். சம்பளச் சீட்டில் தொகையை மறைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். இவள் மொத்தச் சம்பளத்தையும் கைக்கு வரும் சம்பளத்தையும் மறைத்திருந்தாள். பி.எஃப். பிடித்தம் என்ற வரியை விட்டிருந்தாள். தொழிலாளியின் பங்காகப் பிடிக்கப்படுவது அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம். ஒரு சீட்டில் அந்தப் பிடித்தம் 1,440 ரூபாய் என்று இருந்தால், 0.12-ஆல் வகுத்தவுடன் 12,000 வந்துவிடும். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு இதைச் சொன்னதும் பகீரென்றது. இ.எஸ்.ஐ. பிடித்தமும் அப்படித்தான். 21,000 ரூபாய் மாதச் சம்பளம் வரைதான் அந்தத் திட்டத்தில் சேர்க்கிறார்கள். ‘இ.எஸ்.ஐ. கார்டு வந்துவிட்டது’ என்று மகிழ்ச்சியாக எழுதினாலே, சம்பளம் எந்த வரம்புக்குள் என்று தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும்.

சீட்டில் தொகையைவிட ஆபத்தானவையும் இருக்கின்றன. பான் எண், பி.எஃப். கணக்குக்கான 12 இலக்க யு.ஏ.என்., வங்கிக் கணக்கு எண், பணியாளர் எண் எல்லாம் பெரும்பாலும் மேல் பகுதியிலேயே அச்சாகியிருக்கும். இவற்றை வைத்துக்கொண்டு ‘உங்கள் பி.எஃப். ஆபீசிலிருந்து பேசுகிறோம்’ என்று ஒருவன் போன் செய்தால், பாதி விவரத்தை அவனே சரியாகச் சொல்லுவான். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை நம்பிவிடும்.

போனில் இழுக்கும் கோட்டிலும் ஒரு கண்ணி உண்டு. படத்தில் கிறுக்கும் கருவிகளில் பேனா ஒன்று, வரிகளுக்கு வண்ணம் தீட்டும் ஹைலைட்டர் ஒன்று இருக்கும். ஹைலைட்டர் முழுவதும் மறைக்காது. கறுப்பு நிறத்தில் இரண்டு முறை இழுத்தால் நம் கண்ணுக்கு மறைந்த மாதிரி தெரியும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் கீழேயுள்ள எண் எழும்பி வரும். சந்தேகமிருந்தால் அதே படத்தை வெளிச்சம் கூட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இவளுடைய படத்தில் அப்படிப் பார்த்தோம். மொத்தச் சம்பளத்தின் கடைசி மூன்று இலக்கங்கள் தெளிவாகப் படிக்க முடிந்தது. சம்பளச் சீட்டுப் படமே வேண்டாம் என்று அவளே எடுத்துவிட்டாள். வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியின் படத்துக்கும் இதே கதிதான். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எடுக்கும் படத்தில் அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டால் போதும்.

படத்தை எடுத்தாகிவிட்டது. வரிகளில் இருப்பதை என்ன செய்வது? ‘அப்பா பல மாதம் உழைத்துச் சேர்ப்பதை நான் ஒரே மாதத்தில் வாங்கிவிட்டேன்’ என்ற வரியைப் பாருங்கள். பவர் டேபிள் டெய்லருக்கு வாரத்துக்கு என்ன கிடைக்கும் என்பது திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே அது எண்ணைச் சொன்ன மாதிரிதான். அதைவிடக் கஷ்டமான விஷயம், அந்த வரியைப் படிக்கப்போகிறவர்களில் அவர் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருப்பவரும் இருக்கிறார். அப்பாவைப் பெருமைப்படுத்துவதாக நினைத்து, அவர் வாழ்நாள் உழைப்பைக் குறைத்துக் காட்டுகிற வரி அது. பல பதிவுகளில் இது வருகிறது. எழுதுகிற பிள்ளைகளுக்குக் கெட்ட எண்ணம் எள்ளளவும் கிடையாது. தன் உயரத்தைக் காட்ட ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது, பக்கத்தில் இருப்பவர் அப்பா. அவ்வளவுதான்.

சங்கிலி விஷயத்துக்கு அம்மாவையே கேட்கச் சொன்னேன். அன்றிரவே கேட்டிருக்கிறாள். “அதையெல்லாம் எதுக்குக் கண்ணு எழுதறே? சங்கிலி பேங்குல இருக்கறது உங்க பெரியம்மாவுக்கே தெரியாது. கல்யாணம் காச்சிக்கு இமிட்டேசன் போட்டுக்கிட்டுத்தானே போயிட்டு வர்றேன்” என்றாராம் அம்மா. இரண்டாம் வருடக் கல்லூரிக் கட்டணத்துக்காக வைத்த சங்கிலி. வட்டி கட்டி, மறு அடகு வைத்து, யாருக்கும் தெரியாமல் அந்தம்மா காப்பாற்றி வந்த ரகசியம் அது. மகள் நெகிழ்ந்துபோய் ஒரே வரியில் ஊருக்குச் சொல்லிவிட இருந்தாள்.

தொகையைச் சொல்லாமல் இருப்பது என்பதில் பாதி இதுதான் என்று நான் நினைக்கிறேன். நம் சம்பளத்தை மறைக்கக் கவனமாக இருக்கிறோம். அவர்கள் வாங்கிய கடனை, அடகை, மாமாவிடம் கைமாற்று கேட்டுத் திரும்பி வந்ததை நன்றி என்ற பேரில் கொட்டிவிடுகிறோம். அதுவும் பணக் கணக்குதான். அதைச் சொல்லும் உரிமை அவர்களுடையது. கல்விக்கடனும் அப்படியே. அந்தப் பத்திரத்தில் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருப்பார்கள். கடன் அவர்கள் பேரிலும் இருக்கிறது. முதல் தவணை கட்டியதைப் பெருமையாகச் சொல்லும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இவ்வளவையும் எடுத்தபின் பதிவில் மிஞ்சியது பெற்றெடுத்து, போற்றி வளர்த்து, தியாகம் செய்து, நடமாடும் தெய்வங்கள். இந்த வரியை எந்த வீட்டு வாசலிலும் ஒட்டலாம். அவள் வீட்டுக்கென்று அதில் ஒன்றுமில்லை.

அவளிடம் நான் கேட்டது ஒன்றுதான். நீ கணக்குப் பிரிவுக்கு ஏன் போனாய்? பி.காம். படித்ததால் என்றாள். பி.காம். ஏன் எடுத்தாய்? கணக்கு வரும் என்பதால். கணக்கு எப்போதிலிருந்து வரும்? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சனிக்கிழமை நோட்டு” என்றாள்.

திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை. பீஸ் ரேட்டில் தைக்கிறவர்கள் அன்றன்று எத்தனை பீஸ் முடித்தோம் என்பதைத் தங்கள் கையிலும் குறித்து வைத்துக்கொள்வார்கள். இவள் அப்பாவிடம் சட்டைப் பையில் அடங்குகிற ஒரு சின்ன நோட்டு உண்டு. மெஷின் எண்ணெய் பட்டு ஓரமெல்லாம் பழுப்பேறியிருக்கும். தேதி, என்ன உருப்படி, எத்தனை பீஸ், ஒன்றரை ஷிஃப்ட் பார்த்த நாளென்றால் பக்கத்தில் ஒரு கோடு. சனிக்கிழமை ராத்திரி சம்பளக் கவரோடு வீட்டுக்கு வந்ததும் நோட்டை மகள் கையில் கொடுத்து, “கூட்டிச் சொல்லு கண்ணு” என்பார். அவள் பீஸைக் கூட்டி, ரேட்டால் பெருக்கிச் சொன்னபிறகுதான் கவரைப் பிரிப்பார். அவர் ஐந்தாவதோடு நிறுத்தியவர். பெருக்கல் மெதுவாகத்தான் வரும்.

ஒரு சனிக்கிழமை கவரில் அவள் சொன்னதைவிட அதிகமாக இருந்தது. சின்னப் பெண், குதித்தாள். அப்பா மறுபடி கூட்டச் சொன்னார். மறுபடியும் அதே விடை. கணக்கு சரி, கவர்தான் தப்பு என்று தெரிந்ததும் அதிகப்படியான பணத்தைத் தனியே எடுத்து வைத்தார். திங்கட்கிழமை காண்ட்ராக்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார் என்று சொன்னாள். இதைச் சொல்லும்போது அவளுக்குக் குரல் மாறிவிட்டது. “இன்னைக்கு ஆபீசுல ஒரு வவுச்சர் டேலி ஆகலீன்னா, அந்த நோட்டுதாங்க ஞாபகம் வருது.”

அம்மாவைப் பற்றிக் கேட்டேன். “அம்மா எப்பவும் பிசிறு பார்ப்பாங்க” என்றாள். செக்கிங்கில் இருப்பவர்களுக்குக் கண் அப்படி. துணியைக் கையில் எடுத்தால் முதலில் உள்பக்கம் திருப்பித் தையல் ஓரத்தைத்தான் பார்ப்பார்கள். தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று நாளெல்லாம் நின்றபடி பார்க்கிற வேலை. அந்தம்மா ராத்திரி வீட்டுக்கு வந்து மகளுடைய பள்ளிச் சீருடையையும் அப்படிப் பார்ப்பார். இன்டர்வியூவுக்குக் கிளம்பிய அன்று வாசலில் நிறுத்தி, கழுத்துப்பட்டியைத் திருப்பி, நூல் வெட்டும் சின்னக் கத்தரியால் ஒரே ஒரு பிசிறை வெட்டிவிட்டு, “இப்பப் போ” என்றாராம்.

பதிவுக்கு வேண்டியது இவ்வளவுதான். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. பத்து நிகழ்ச்சி சொன்னால் ஒன்றும் நிற்காது. தியாகம் என்று எழுதத் தேவையே இல்லை. அதிகப் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததைச் சொன்னால் அவர் யார் என்று படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். வீட்டில் அப்பாவை ‘நீங்க’ என்றும் அம்மாவை ‘நீ’ என்றும் கூப்பிடுகிறாள். பதிவிலும் அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

மறுபடி எழுதியதை வெளியிடும் முன் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் இருவருக்கும் படித்துக் காட்டினாள். இந்த ஒரு வேலையை யாரும் விட்டுவிடக் கூடாது. நம் நினைவில் இருப்பது ஒன்று, நடந்தது வேறாக இருக்கும். அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “திங்கக்கிழமை இல்ல கண்ணு. அன்னைக்கு ராத்திரியே சைக்கிள்ல போனேன். மறுநா லீவு. காண்ட்ராக்டரு கணக்கு ஒதைக்குதுன்னு ராத்திரியெல்லாம் ஒக்காந்திருப்பாரேன்னு போனேன்” என்றார். மகள் தூங்கிய பிறகு போயிருக்கிறார். அவளுக்கு இத்தனை வருடம் அது தெரியாது. அவள் எழுதியிருந்ததைவிட அது எவ்வளவோ பெரிது.

அம்மா சொன்னது வேறு. “எல்லாஞ் சரி. அக்காளை உட்டுட்டியே.”

அக்கா பன்னிரண்டாவது முடித்ததும் கம்பெனிக்குப் போனவள். தங்கை கல்லூரிக்குப் போன மூன்று வருடமும் அவளுடைய சனிக்கிழமைக் கவரிலிருந்து ஒரு பங்கு வீட்டுக்கு வந்தது. பெற்றோருக்கு நன்றி என்று தொடங்கும் பதிவுகளில் அதிகம் விட்டுப்போகிறவர்கள் இந்த அக்காக்களும் அண்ணன்களும்தான். பணத்தை அப்பா கையில் கொடுத்தார்கள், அப்பா கட்டணம் கட்டினார், ஆகவே கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டார்கள். அக்காவிடம் போனில் கேட்டு, சரி என்று அவள் சொன்னபிறகு ஒரு வரி சேர்த்தாள். கடைசியில் வெளியான பதிவு இது:

“அப்பா, அம்மா,

எனக்கு முதல் சம்பளம் வந்துருச்சு.

எல்லாரும் நான் கணக்கை எங்க படிச்சேன்னு கேட்டா காலேஜ் பேரைச் சொல்றேன். நெசமாப் படிச்சது நம்ம வீட்டுல, சனிக்கிழமை ராத்திரி. அப்பா, நீங்க நோட்டைக் குடுத்து ‘கூட்டிச் சொல்லு கண்ணு’ம்பீங்க. நான் சொன்ன பிறகுதான் கவரைப் பிரிப்பீங்க. ஒரு வாரம் கவர்ல கூட இருந்துச்சு. நான் குதிச்சேன். நீங்க என்னைத் தூங்க வெச்சுட்டு, அந்த ராத்திரியே சைக்கிள்ல போய்த் திருப்பிக் குடுத்துட்டு வந்தீங்கன்னு நேத்துத்தான் எனக்குத் தெரியும். இனிமே நான் கூட்டுற எல்லாக் கணக்குலயும் அந்தச் சைக்கிள் போகும்.

அம்மா, இன்டர்வியூ அன்னைக்கு வாசல்ல நிறுத்தி என் கழுத்துப்பட்டியில ஒரு பிசிறு வெட்டினயே, அதுக்கப்புறம் எனக்குப் பயமே வரலை. நீ பாத்து அனுப்புன உருப்படி திரும்பி வராதுன்னு எனக்குத் தெரியும்.

அக்கா, நான் காலேஜ் போன பஸ் பாஸுல உன் சனிக்கிழமையும் இருக்கு.

அப்பாவுக்கு ஒரு சட்டை எடுத்தேன். வாங்கினதும் உள்பக்கம் திருப்பித் தையலைப் பாத்தாங்க. ‘நல்லாத் தெச்சிருக்கான்’னாங்க.”

சட்டையின் விலை இல்லை, கடைப் பேர் இல்லை. அம்மாவுக்கும் அக்காவுக்கும் எடுத்ததைச் சொல்லவில்லை, சொன்னால் பட்டியலாகிவிடும். படமாக அவள் போட்டது அந்த நோட்டின் அட்டை. உள்ளே பீஸ் கணக்கும் ரேட்டும் இருப்பதால் பிரித்த பக்கத்தைப் படமெடுக்கவில்லை. அந்த எச்சரிக்கையை நான் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள்.

வெளியில் சொல்லாத தொகையை வீட்டில் ஒளிக்கவில்லை. அதே ஞாயிற்றுக்கிழமை சம்பளச் சீட்டை முழுதாக அச்செடுத்துக்கொண்டு போயிருந்தாள். அப்பா பீஸ் ரேட்டில், காண்ட்ராக்டில் தைத்தவர். சம்பளச் சீட்டு என்ற ஒன்று அவர் கைக்கு வந்ததே இல்லை. இடது பக்கம் வருவது, வலது பக்கம் போவது என்று மகள் விரலை வைத்துக் காட்டினாள். பி.எஃப். வரியில் அப்பா நிறுத்தினார். “இதை ஏன் புடிக்கறாங்க?” அவள் சொன்னாள்: “இது எங்கயும் போகலீங்கப்பா. நான் போடற அளவுக்குக் கம்பெனியும் போடுது. அவங்க போடறதுல ஒரு பங்கு பென்சனுக்குப் போகும். மிச்சம் என் பேருல வட்டியோட சேரும்.” அதற்கடுத்த மாதம் தொழில் வரி என்று ஒரு பிடித்தம் வரலாம், அது உள்ளாட்சிக்குப் போவது, தமிழ்நாட்டில் அரையாண்டுக் கணக்கு, மாதாமாதம் அதே தொகை கைக்கு வரும் என்று எண்ண வேண்டாம் என்றும் சொல்லிவைத்தாள். அப்பா சீட்டை வாங்கி, இடப்பக்கத்தைக் கூட்டி, வலப்பக்கத்தைக் கழித்து, மெதுவாகச் சரிபார்த்தார். சரியாக இருந்தது.

பதிவைப் பார்த்துவிட்டு ஈரோட்டிலிருந்து சித்தப்பா போன் செய்தார். எடுத்ததும் “எவ்வளவு கண்ணு?” என்றார். “இந்த மாசம் பாதி மாசந்தானுங்க சித்தப்பா. அப்பாகிட்ட சீட்டைக் குடுத்துட்டேன்” என்று அவள் சொன்னாள். சித்தப்பா அதற்குமேல் அதைக் கேட்கவில்லை. “அது எந்தக் காண்ட்ராக்டர்? நாங்க எல்லாம் ஒண்ணாத் தெச்சமே, அவரா?” என்றார். அப்பா போனை வாங்கிக்கொண்டார். இருவரும் அந்தக் காண்ட்ராக்டரைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.